விடுதியில் சிரங்கு: அரிப்பு இல்லாதவருக்கும் மருந்து ஏன்?

(மதரஸா மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வாண்டு நம் மதரஸா விடுதியில் மூன்று முறை சிரங்கு பரவியதை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகளுக்கு ஏன் இப்படி வருகிறது, மருந்து போட்டும் ஏன் திரும்புகிறது என்று என்னிடம் பலரும் கேட்டீர்கள். சிலர் கோபத்துடனும் கேட்டீர்கள்; அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. முதல் இரண்டு முறை நாங்கள் செய்தது தவறு. அந்தத் தவறு என்ன என்பதைச் சொல்லவே இன்று நிற்கிறேன். ஷஅபான் விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வரப்போகிறார்கள். அதே தவறு உங்கள் வீடுகளிலும் நடக்கக்கூடாது.

ஷவ்வால் மாதம் மதரஸா திறந்தபோது முப்பத்தெட்டு மாணவர்கள் விடுதியில் சேர்ந்தார்கள். இரண்டே கூடங்கள். பாய்கள் ஒன்றோடொன்று தொட்டபடி விரிக்கப்படும். திறந்த சில நாட்களிலேயே ஒரு மாணவன் இரவில் சொறியத் தொடங்கினான். அவனுக்குச் சென்ற ஆண்டும் சிரங்கு வந்திருந்தது. ஆகவே "இவன்தான் கொண்டுவந்தான்" என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றுகூட ஒரு பேச்சு எழுந்தது. துல்கஅதா இறுதியில் மேலும் ஐவருக்கு அரிப்பு வந்தது. அந்த ஆறு பேருக்கும் களிம்பு வாங்கிப் பூசினோம். மற்ற முப்பத்திரண்டு பேரைத் தொடவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு அனைவரும் ஊருக்குப் போனார்கள். முஹர்ரத்தில் திரும்பியபோது பதினேழு பேர் சொறிந்துகொண்டிருந்தார்கள். அப்போதும் அந்தப் பதினேழு பேருக்கு மட்டுமே மருந்து போட்டோம். ஸஃபர் முடிவதற்குள் விடுதியில் பாதிப்பேருக்கு மேல் சிரங்கு.

அந்த ஸஃபரில்தான் பதினொரு வயது மாணவன் ஒருவனுக்கு விரல்களிலும் பிட்டத்திலும் இருந்த சொறிப்புண்கள் சீழ் வைத்தன. சில வாரங்கள் கழித்து ஒரு நாள் சுபுஹில் அவன் எழுந்தபோது கண்ணைச் சுற்றி முகம் வீங்கியிருந்தது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது. மருத்துவமனையில் சேர்த்தோம். சொறிந்த புண்ணில் புகுந்த கிருமியின் பின்விளைவாகச் சிறுநீரகத்தில் அழற்சி ஏற்பட்டிருக்கிறது என்றார்கள். அல்லாஹ்வின் கிருபையால் அவன் நலமடைந்து இன்று ஓதிக்கொண்டிருக்கிறான். சிரங்கை வெறும் அரிப்பு என்று எண்ணியிருந்த என்னை உலுக்கியது அந்த நிகழ்ச்சி. அவனைக் கவனித்த மருத்துவரிடமும் பின்னர் ஒரு தோல் மருத்துவரிடமும் நான் நெடுநேரம் அமர்ந்து கேட்டறிந்தவற்றையே இப்போது கூறுகிறேன்.

சிரங்குக்குக் காரணம் ஒரு சின்னஞ்சிறு பூச்சி. ஸ்கேபீஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பெண் பூச்சி அரை மில்லிமீட்டர் அளவுகூட இராது. அது மனிதத் தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, அதற்குள்ளேயே வாழ்ந்து, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடும். முட்டை மூன்று நான்கு நாட்களில் பொரிக்கும். குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்தை அடைய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். இது நமக்குப் புதிய செய்தியன்று. ஸ்பெயின் நாட்டு இஷ்பீலிய்யா நகரில் வாழ்ந்து 1162ஆம் ஆண்டு மறைந்த இப்னு ஸுஹ்ர், தோலைக் கீறினால் அதிலிருந்து கண்ணுக்குப் புலப்படுவதே அரிதான அளவுக்குச் சிறிய உயிரி வெளிவருவதைத் தம் நூலில் குறித்திருக்கிறார். 1687இல் இத்தாலியைச் சேர்ந்த பொனோமோ அதை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார்.

ஒருவர் உடலில் பெரும்பாலும் பத்து, பதினைந்து பூச்சிகளே இருக்கும். அப்படியானால் இவ்வளவு அரிப்பு எதனால்? பூச்சி கடிப்பதால் அன்று. பூச்சியையும் அதன் கழிவையும் உடல் அந்நியப் பொருளாக அறிந்து எதிர்ப்புக் காட்டுவதே அரிப்பு. உடலுக்கு அந்த அறிமுகம் ஏற்பட அவகாசம் வேண்டும். முதன்முறை சிரங்கு தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை அரிப்பே தோன்றாது. அவர் நலமாக உண்பார், உறங்குவார், பக்கத்துப் பாயில் இருப்பவனுக்குப் பூச்சியையும் கொடுப்பார். தமக்கு இருப்பதை அவரே அறியமாட்டார். முன்பு ஒருமுறை சிரங்கு வந்தவருக்கோ உடல் பூச்சியை ஏற்கெனவே அறியும். அவருக்கு ஓரிரு நாட்களிலேயே அரிப்புத் தொடங்கிவிடும்.

இப்போது ஷவ்வாலில் சொறிந்த அந்த மாணவனை நினைத்துப் பாருங்கள். சென்ற ஆண்டு சிரங்கு வந்தவன் அவன். புதிதாகச் சேர்ந்த வேறொருவனிடமிருந்து அவனுக்குத் தொற்றியிருந்தால், கொண்டுவந்தவன் அரிப்பின்றி உறங்க, வாங்கிக்கொண்டவன்தான் முதலில் சொறிவான். அவன்மீது நாங்கள் சுமத்திய பழிக்கு எந்த ஆதாரமும் இல்லை. யாரிடமிருந்து வந்தது என்பதை அரிப்பின் வரிசையை வைத்துச் சொல்லவே முடியாது.

ஜரப் என்ற அரபுச் சொல்லுக்குச் சிரங்கு என்றே பொருள். ஹதீஸில் இது ஒட்டகத்தைப் பற்றி வருகிறது. மான்களைப் போல் திடமாக இருக்கும் ஒட்டகங்களுக்கிடையே சிரங்கு பிடித்த ஓர் ஒட்டகம் புகுந்தால் எல்லாவற்றுக்கும் வந்துவிடுகிறதே என்று கிராமவாசி ஒருவர் கேட்க, அப்படியானால் முதல் ஒட்டகத்துக்குக் கொடுத்தது யார் என்று நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இதை மட்டும் எடுத்துக்கொண்டு, "தொற்று என்பதே இல்லை, மருந்து எதற்கு?" என்று ஒரு சகோதரர் என்னிடம் வாதிட்டார். நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களிடம் ஓட்டிச் செல்லக்கூடாது என்று தடுத்ததும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். இரண்டையும் அறிவிப்பவர் அபூஹுரைரா (ரலி) அவர்களே. நோய் தன் சொந்த ஆற்றலால் பரவுவதில்லை, அல்லாஹ்வின் நாட்டப்படியே பரவுகிறது. ஆயினும் காரணத்தைத் தடுப்பது நம்மீது கடமை என்றே உலமாக்கள் இவற்றை இணைத்து விளக்கியுள்ளார்கள்.

சரி, காரணத்தை எங்கே தடுப்பது? இங்கேதான் பலரும் வீண் பாடுபடுகிறார்கள். 1941ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மெல்லன்பி என்ற ஆய்வாளர், போருக்குச் செல்ல மறுத்த தன்னார்வலர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். சிரங்கு பிடித்த படைவீரர்கள் போர்த்திய கம்பளியிலும் அவர்கள் களைந்த உள்ளாடையிலும் அவர்களைத் தூங்கச் செய்தார். மிகச் சிலருக்கே தொற்றியது. நோயாளியோடு ஒரே படுக்கையில் படுத்தவர்களுக்கோ தொற்றியது. ஆகத் தோலும் தோலும் நெடுநேரம் தொட்டிருப்பதே முதன்மையான வழி. முஸாஃபஹா செய்வதாலோ, ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பதாலோ சாதாரணச் சிரங்கு தொற்றிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சிரங்கு வந்த பிள்ளையைப் பின்வரிசைக்குத் தள்ளாதீர்கள். ஒரே பாயில், ஒரே போர்வைக்குள் படுப்பதுதான் தொற்றும் இடம். மிக முதியவர்களுக்கும், உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் தோல் தடித்துச் செதில் செதிலாக வரும் ஒரு கடுமையான வகை உண்டு. அதில் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். துணி மூலமாகவும் எளிதில் பரவும். அதற்கு மருத்துவமனைதான் வழி.

சாதாரணச் சிரங்கை இனங்காண்பது கடினமன்று. அரிப்பு இரவில் மிகும். போர்வைக்குள் உடல் சூடானதும் தாங்க முடியாமல் போகும். விரல் இடுக்கு, மணிக்கட்டின் உட்புறம், அக்குள், தொப்புளைச் சுற்றிய பகுதி, லுங்கி கட்டும் இடுப்பு, பிட்டம், மறைவிடம் ஆகியவை அதன் இடங்கள். பெண்களுக்கு மார்பைச் சுற்றியும் வரும். பெரியவர்களுக்கு முகத்தில் வருவது அரிது. கைக்குழந்தைகளுக்கோ உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகம் எங்கும் வரலாம். வேர்க்குரு உடல் முழுவதும் வெயிலில் வரும். படர்தாமரை வட்டமாகப் பரவும். ஒரே வீட்டில் இருவர் இரவில் சொறிகிறார்கள் என்றால் முதலில் சிரங்கையே சந்தேகியுங்கள்.

ரபீஉல் அவ்வல் மாதம் நாங்கள் செய்தது வேறு. ஒரே இரவில் முப்பத்தெட்டு மாணவர்களுக்கும், உடன் தங்கும் உஸ்தாதுமார்களுக்கும், சமையற்காரருக்கும், எனக்கும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்து பூசினோம். பத்து நாட்கள் கழித்து மறுபடியும் பூசினோம். முதல் பூச்சில் தப்பும் முட்டைகள் அதற்குள் பொரித்துவிடும். அந்தக் குஞ்சுகள் முட்டையிடும் முன் அழிய வேண்டும். இரண்டாவது பூச்சு ஒரு வாரத்துக்கு முன்பும் இரண்டு வாரத்துக்குப் பின்பும் போகக்கூடாது என்பது அதனால்தான்.

இவ்வழி நம் கற்பனையன்று. வங்கதேசத்தில் நம்முடையவற்றைப் போன்ற விடுதி மதரஸாக்களில் ஓர் ஆய்வு நடத்தி, 2013இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் பத்தில் ஆறு மாணவர்களுக்குச் சிரங்கு. அனைவருக்கும் களிம்பு பூசி, துணி, படுக்கை, அன்றாடக் கண்காணிப்பு ஆகியவற்றையும் ஒழுங்குபடுத்திய மதரஸாக்களில் அது நூற்றுக்கு ஐந்தாகக் குறைந்தது. அனைவருக்கும் களிம்பு மட்டும் பூசி, மற்றவற்றை ஒழுங்குபடுத்தாத மதரஸாக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிரங்கு இருந்தது. பசிபிக் கடலின் ஃபிஜித் தீவுகளிலும் இதைப் பார்த்தார்கள். அங்கே சிரங்கு வந்தவருக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டும் மருந்து கொடுத்த ஊரில் ஓராண்டில் நோய் பாதியளவே குறைந்தது. ஊர் முழுவதற்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்த ஊரில் நூற்றுக்கு முப்பத்திரண்டிலிருந்து இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. அது 2015இல் வெளிவந்த ஆய்வு.

நம் விடுதியில் அரிப்பு அடங்கியது. ஆனால் விடுமுறை சென்று வந்த மூவருக்கு மீண்டும் தொடங்கியது. அம்மூவரின் வீடுகளையும் விசாரித்தோம். ஒரு வீட்டை மட்டும் பெயர் சொல்லாமல் விளக்குகிறேன். அவர்களின் அனுமதி பெற்றே சொல்கிறேன்.

பட்டுத்தறி வீடு. முன்கூடத்தில் தறி, மிச்சமிருக்கும் ஓர் அறையில் ஏழு பேர் படுக்கிறார்கள். தந்தை, தாய், பாட்டியார், பதினைந்து வயது அண்ணன், பதின்மூன்று வயதான நம் மாணவன், எட்டு வயதுத் தங்கை, நான்கு வயதுத் தம்பி. விடுதியிலிருந்து சொல்லியனுப்பியபடி தந்தை பெர்மெத்ரின் களிம்பு இரண்டு குழாய் வாங்கியிருக்கிறார். மகனுக்கும் அவனோடு படுக்கும் அண்ணனுக்கும் அரிப்பு உள்ள இடங்களில் மட்டும் பூசியிருக்கிறார். பாட்டியாருக்கு, "வயதான தோல், வறட்சி" என்று தேங்காய் எண்ணெய். தாய்க்கு இடுப்பில் அரிப்பு. சொல்லக் கூச்சப்பட்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பைப் போட்டிருக்கிறார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. அது அரிப்பை அடக்கும், பூச்சியைக் கொல்லாது. தோற்றத்தையும் மாற்றிவிடும் என்பதால் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். சிறிய தம்பிக்கு அரிப்பே இல்லை. அவன் பாட்டியாரின் மடியிலும் தாயின் அணைப்பிலும் மாறி மாறி உறங்குகிறவன். நம் மாணவன் நலமாகி வீட்டுக்குப் போய், அதே அறையில் படுத்து, மறுபடியும் வாங்கிக்கொண்டு வந்தான்.

அந்த வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு மருந்து வேண்டும்? பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு ஒரு முறைக்கு 30 கிராம், அதாவது ஒரு சிறிய குழாய் முழுவதும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை அதில் பாதி. அதற்கும் சிறிய பிள்ளைக்குக் கால் பங்கு. ஐந்து பெரியவர்களுக்கு ஐந்து குழாய். தங்கைக்கு அரை, தம்பிக்குக் கால். ஓர் இரவுக்கு ஆறு குழாய் வாங்க வேண்டும். இரண்டு இரவுக்குப் பன்னிரண்டு. அவர் வாங்கியதோ இரண்டு. செலவு கூடுதல்தான். ஆனால் இரண்டு இரண்டாக ஆண்டு முழுவதும் வாங்கினால் அதைவிடக் கூடும். வாங்க இயலாத வீட்டார் என்னிடமோ செயலாளரிடமோ தனியே சொல்லுங்கள். அரசு மருத்துவமனையிலும் இதற்கு மருந்து கேட்டுப் பெறலாம்.

பூசும் முறையைத் தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள். இஷாவுக்குப் பின், உடல் குளிர்ந்து உலர்ந்திருக்கும்போது, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓரிடம் விடாமல் பூச வேண்டும். விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள், மறைவிடம், பிட்டப் பிளவு, கால்விரல் இடுக்கு ஆகியவையே பெரும்பாலும் விடுபடுகின்றன. முதுகுக்குக் கணவன் மனைவி ஒருவருக்கொருவர் உதவலாம். பிள்ளைகள் மறைவிடத்தில் தாமே பூசிக்கொள்ளட்டும், பூசினார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் மிக முதியவருக்கும் கண், வாய் தவிர்த்துத் தலைக்கும் முகத்துக்கும் பூசுமாறு மருத்துவர் சொல்லக்கூடும். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு மருத்துவரைக் கேளாமல் எதுவும் பூசாதீர்கள்.

மருந்து எட்டு மணி நேரமாவது தோலில் இருக்க வேண்டும். விடுதியில் எங்களுக்குப் பிழை நேர்ந்த இடம் இது. பூசிவிட்டு ஒளு செய்தால் கை கழுவப்பட்டுவிடும். பூச்சி மிகுதியாக இருப்பதே விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும்தான். ஆகவே இஷாத் தொழுது, வித்ரையும் முடித்துவிட்டு எட்டரை மணிக்குள் பூசினோம். சுபுஹுக்கு முன் குளித்தோம். இடையில் கழிப்பறை சென்று கழுவிய பாகத்துக்கும், தஹஜ்ஜுதுக்கு எழுந்து ஒளு செய்தவரின் கை கால்களுக்கும் மறுபடி பூசினோம். பால் கொடுக்கும் தாய், கொடுக்கும் முன் மார்பைக் கழுவிவிட்டுப் பின்னர் மீண்டும் பூச வேண்டும். பட்டில் கறை படும் என்று ஒரு நெசவாளச் சகோதரர் கவலைப்பட்டார். இரவில் பூசிக் காலையில் சோப்பிட்டுக் குளித்துவிட்டால் தறியில் உட்காரத் தடையில்லை.

ஐவர்மெக்டின் மாத்திரையும் நல்ல மருந்துதான். எடையைப் பார்த்து மருத்துவர் அளவு சொல்வார். அதுவும் இரண்டு முறை. கர்ப்பிணிகளுக்கும் பதினைந்து கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் வழக்கமாக அதைத் தருவதில்லை. வேப்பிலையும் மஞ்சளும் பற்றிக் கேட்டார்கள். 814 பேருக்கு அவற்றை அரைத்துப் பூசிப் பெரும்பாலோர் குணமடைந்ததாக 1992இல் ஒரு முன்னோடி ஆய்வு வந்தது உண்மை. அதை வேறு மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்காததால் விடுதி முழுவதற்கும் அதை நம்பி நான் இறங்கமாட்டேன்.

துணி விஷயத்தில் அளவோடு இருங்கள். பூச்சி உடலை விட்டு இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பிழைப்பதில்லை. கடந்த மூன்று நாளில் பயன்படுத்திய உடை, போர்வை, தலையணை உறை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் தொடாமல் வைத்தால் போதும். மெத்தையைக் கொளுத்த வேண்டாம். ஒருவர் அப்படிச் செய்துவிட்டு, களிம்பு வாங்கப் பணமில்லை என்றார்!

இன்னுமொன்று. மருந்து பூசிய மறுநாளே அரிப்பு நிற்காது. பூச்சி செத்தாலும் அதன் மிச்சம் தோலில் இருப்பதால் இரண்டு முதல் நான்கு வாரம் வரை அரிப்பு நீடிக்கலாம். இதைக் கண்டு பயந்து ஒரு தந்தை மகனுக்குத் தொடர்ந்து ஆறு இரவு களிம்பு பூசினார். தோல் எரிச்சலுற்று அதுவே புதிய அரிப்பானது. நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்துவந்தால் பொறுத்திருங்கள், இரவில் மட்டும் தொல்லை தந்தால் மருத்துவர் மாத்திரை தருவார். நான்கு வாரம் கடந்தும் குறையாவிட்டாலோ, விரல் இடுக்கில் புதிய கொப்புளங்கள் தோன்றினாலோ, நின்றுவிட்ட அரிப்பு மறுபடி தொடங்கினாலோதான் திரும்பிவிட்டது என்று பொருள். அப்போது வீட்டில் யார் விடுபட்டார் என்று தேடுங்கள். வெள்ளிதோறும் வந்து பிள்ளையோடு படுக்கும் அத்தை, மாமா, திருமணமாகிப் பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்காள் என்று யாராவது இருப்பார்கள். எல்லோரும் சரியாகப் பூசியும் அடங்காவிட்டால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். பெர்மெத்ரினுக்கு முன்போல் கட்டுப்படாத நேர்வுகளும் அண்மைக்காலத்தில் பேசப்படுகின்றன. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சீழ் வைத்த புண், காய்ச்சல், முகவீக்கம், சிறுநீரின் நிறமாற்றம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஷஅபான் விடுமுறைக்கு முந்திய இரவு விடுதியில் அனைவருக்கும் பூசி அனுப்புவோம். அதே இரவு, அரிப்பு இருக்கும் வீட்டார் அனைவரும் தத்தம் வீட்டில் பூசிக்கொள்ளுங்கள். பத்தாம் நாள் இரவு பிள்ளைகள் உங்களோடு இருப்பார்கள். இரண்டாம் பூச்சு உங்கள் பொறுப்பு. இரண்டு தேதிகளையும் எழுதிய சீட்டு வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது. போகும்போது எடுத்துச் செல்லுங்கள். ஷவ்வாலில் சேர்க்கைக்கு வரும்போது, வீட்டில் எவருக்கேனும் அரிப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பமாட்டோம் என்று நிர்வாகம் முடிவெடுத்துள்ளது. அன்றிரவே பூசிவிட்டு மறுநாள் ஓத உட்காரலாம்.